வாசக்காலில் கீழே மண்கோடு, மேலே மாவுத்தூள்

குடியாத்தத்திலிருந்து அத்தை பின்கதவு வாசக்காலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. "செல்லு புடிச்சிடுச்சுப்பா, என்ன மருந்து அடிக்கறது?" படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. மேல் குறுக்குக் கட்டையிலோ வெளிர் தூள்.

இந்தத் தூள்தான் என்னை யோசிக்க வைத்தது. மண்ணிலிருந்து ஏறும் கறையான் தூள் கொட்டாது. அரித்த இடத்தை மண்ணாலேயே அடைத்துவிடும். அப்படியென்றால் மேலே இருப்பது வேறு பூச்சி. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் தெளிவாகத் தெரிந்தன. தூளை விரலில் தேய்த்தால் நெருடுகிறதா என்று கேட்டேன். இல்லை, மைதா மாதிரி வழவழன்னு இருக்கு என்றாங்க. உலர்மரக் கறையானின் எச்சமாக இருந்தால் குருணையாக நெருடும். இது உளுவண்டு.

மண்கோட்டில் உயிர் இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. அதனால் துடைக்க வேண்டாம், நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிடுங்க என்றேன். மறுநாள் வந்த படத்தில் அந்த இடைவெளியை ஈரமண் அடைத்திருந்தது. உள்ளே நடமாட்டம் இருக்கிறது.

நேரில் போய் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். கால்மரத்தின் அடியில் ஒரு பக்கம் பொக்கென்று கேட்டது. குத்தினால் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் மட்டும் இறங்கியது, உள்ளே மரத்தின் வைரப் பகுதி கெட்டியாக நின்றது. வாசக்காலை மாற்ற வேண்டியதில்லை.

கோட்டின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் அங்கே இருப்பவை மட்டும் சாகும். கூட்டம் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதனால் உள்பக்கம், தரையும் சுவரும் சேருமிடத்தில் ஓரடி இடைவெளியில் 12 மில்லிமீட்டர் துளை போட்டோம். 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் 10.5 மில்லியை 5 லிட்டர் தண்ணீரில் கலந்து, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் மெதுவாக இறக்கி, சிமெண்டால் அடைத்தோம். இந்த மருந்து கறையானை விரட்டாது, உடனே கொல்லவும் செய்யாது. மருந்து பட்டது கூட்டத்துக்குள் போய் மற்றதுக்கும் பரப்பும். வெளிப்பக்கம் கிணறு பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ஒரு துளைகூட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

மேல்கட்டைக்கு இந்த வேலை உதவாது. பெயிண்ட் இருந்தால் மரம் எதையும் உறிஞ்சாது. அதனால் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, காயவிட்டுக் காயவிட்டுப் பூசினோம். பழைய துளைகளை மெழுகால் அடைத்தாச்சு, புதுத்துளை வந்தால் தனியாகத் தெரியும்.

மருந்து இறக்கியபிறகு மறுபடி உடைத்துவிட்ட மண்கோடு இதுவரை திரும்பக் கட்டப்படவில்லை. கட்டைக்கு நேர் கீழே கறுப்புத்தாள் ஒட்டியிருக்கிறோம். ஆழத்தில் இருக்கும் புழுவை அந்தக் கரைசல் எட்டாது, அது வண்டாகி வெளியே வரும்வரை கொஞ்சம் தூள் விழத்தான் செய்யும். அடுத்த கோடை தாண்டியும் புதுத்துளை வந்தால் அந்தக் குறுக்குக் கட்டையை மட்டும் ஆசாரியிடம் மாற்றச் சொல்வோம். அதுவரை அங்கே பெயிண்ட் அடிக்கப் போவதில்லை.