இரவு 2:10க்கு வந்த முகவரி

பள்ளி ஆய்வகத்தின் 40 கணினிகளிலும் Administrator கணக்கின் கடவுச்சொல்லை நான் மாற்றி எட்டு நாள் ஆகியிருந்தது. 12ஆம் எண் கணினி மிகவும் மெதுவாக இயங்குகிறது என்று ஆய்வக உதவியாளர் சொன்னதால் அதன் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். மெதுவானதற்குக் காரணம் பழுதாகிக்கொண்டிருந்த வன்தட்டு. ஆனால் என் கண்ணில் பட்டது வேறு: 4625 என்ற எண். உள்நுழைய முயன்று தோற்றதை விண்டோஸ் அந்த எண்ணில்தான் குறித்துவைக்கும். வகை 3, அதாவது வலையமைப்பு வழியாக. நேரம் இரவு 2:12. வந்த இடம் 192.168.10.240.

13ஆம் கணினியில் அதே முகவரி, சில விநாடிகள் தள்ளி. மற்றவற்றையும் பார்த்தேன். 2:10க்குத் தொடங்கி, வரிசையாக, கணினிக்கு ஒரே ஒரு முயற்சி. எட்டு இரவும் அப்படியே.

கடவுச்சொல்லை ஊகிப்பவன் ஒரே கணினியில் நூறு முறை தட்டுவான். இது அப்படி இல்லை. அதற்காக நான் நிம்மதியடையவில்லை. கைக்குக் கிடைத்த ஒரு கடவுச்சொல்லை எல்லாக் கதவுகளிலும் ஒருமுறை மட்டும் போட்டுப் பார்ப்பதும் திருடர்கள் அறிந்த வழிதான். மாற்றத்துக்கு முந்தைய பதிவுகளுக்குப் போனபோது வயிறு கலங்கியது. அங்கே இருந்தது 4624, வெற்றி பெற்ற உள்நுழைவு. பதிவேடு பழையதை அழித்துக்கொண்டே போவதால் சில வாரங்கள்தான் மிஞ்சியிருந்தன. அத்தனை இரவும் அது உள்ளே வந்து போயிருக்கிறது. தோற்றதால்தான் என் கண்ணில் பட்டது.

192.168 என்று தொடங்கும் முகவரி இணையத்தில் செல்லுபடியாகாது. ஆகவே, முயல்வது யாராக இருந்தாலும், அவர் பயன்படுத்தும் பெட்டி நம் கட்டடத்துக்குள் இருக்கிறது. கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் எங்கள் டிஹெச்சிபி, கடைசி எண் 100 முதல் 220 வரை உள்ள முகவரிகளைத்தான் கொடுக்கும். 240ஐ யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள்.

முகவரியைத் தடுத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. தடுத்தால் தடயம் மறைந்துபோகும். பெட்டி எங்கே என்று தெரியாமலே போய்விடும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அதே வலையமைப்பில் இருந்த என் கணினியில் தட்டினேன்:

```
ping 192.168.10.240
arp -a 192.168.10.240
```

இருக்கிறாயா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் இல்லை. ஆனால் இரண்டாவது வரி ஒரு மேக் முகவரியை, அதாவது வலை அட்டையின் அடையாள எண்ணை, காட்டியது. பெட்டியின் ஃபயர்வால் பிங்கை விழுங்கிவிடலாம். ஆனால் மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதே வலையமைப்பில் பேச முடியாது. அது உயிரோடு இருந்தது.

பிறகு கணினிகளின் வலைக் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்சில் அந்த மேக் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று பார்த்தேன். 23ஆம் போர்ட். அதே போர்ட்டில் இன்னும் பதினைந்து மேக்குகள்! பெட்டி அங்கே நேராகச் செருகப்படவில்லை, அந்தப் போர்ட் இன்னொரு சுவிட்சுக்குப் போகிறது என்று பொருள். இரண்டாவது சுவிட்சைப் பார்க்கப் போவதற்குள் அட்டவணையிலிருந்து அந்த மேக் மறைந்துவிட்டது. ஐந்து நிமிடம் பேச்சு இல்லையென்றால் சுவிட்ச் மறந்துவிடும். மீண்டும் பிங் ஓடவிட்டு, அது ஓடும்போதே பார்த்தேன். 6ஆம் போர்ட், ஒரே ஒரு மேக்.

கேபிள் நூலகத்தின் பின்னறைக்குப் போனது. பூட்டில்லாத கதவு. பழைய அலமாரியை நகர்த்தினால், திரை இல்லாத ஒரு சிறிய கணினி. காற்றுத் துளைகளில் தூசி கம்பளிபோல் படர்ந்திருந்தது. பச்சை விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"மின்சாரத்தை அணைத்துவிடட்டுமா, சார்?" என்றார் உதவியாளர்.

"வேண்டாம். நினைவகத்தில் இருப்பது போய்விடும். வலைக் கேபிளை மட்டும் எடுங்கள்."

திரையும் விசைப்பலகையும் இணைத்தோம். ஓடிக்கொண்டிருந்த நிரல்களில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பணித் திட்டமிடலில் ஒரே ஒரு பணி, தினமும் 2:10க்கு. அது இயக்கிய கோப்பில் 40 கணினிகளின் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொன்றிலிருந்தும் மாணவர் கோப்புறையை robocopy கொண்டு நகலெடுக்கும் வரிகள். எனக்கு முன் இருந்தவர் அமைத்துவிட்டு, எங்கும் எழுதிவைக்காமல் போன காப்பு நகல். கோப்பின் முதல் வரியில், யாரும் படிக்கும்படி, 40 கணினிகளையும் திறக்கும் பழைய கடவுச்சொல். அந்த அறைக்குள் எந்த மாணவனும் நுழைந்திருக்கலாம். திருடன் இல்லை என்று தெரிந்த பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

ஆனால் எட்டு இரவுகளாகப் பிள்ளைகளின் வேலைக்கு நகலே இல்லை, 12ஆம் கணினியின் வன்தட்டும் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்ததை முதலில் கையால் நகலெடுத்தேன். பெட்டியைப் பூட்டிய சர்வர் அறைக்கு மாற்றி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, மாணவர் கோப்புறையைப் படிக்க மட்டுமே உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கினேன். கடவுச்சொல் இப்போது கோப்பில் இல்லை. முகவரிக்கு எதிரே அதன் வேலையையும் இடத்தையும் பட்டியலில் எழுதினேன்.

மறுநாள் காலை எல்லாக் கணினிகளிலும் பார்த்தேன். 39இல் 4624, புதிய கணக்கின் பெயரில். 12ஆம் கணினி வன்தட்டுக்காகக் காத்திருந்தது.