டிரிப் ஷீட்டில் டேபிள் எங்கே முடிகிறது: லேபிள் போட்ட அனுபவம்

வால்டாக்ஸ் ரோட்டில் உள்ள ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் பழைய டிரிப் ஷீட்டுகளைக் கணினிக் கணக்கில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் ஒரு ஷீட். அதில் அன்றைக்கு ஏற்றிய எல்லா எல்.ஆர். எண்ணும், அதாவது சரக்குக்குப் போடும் லாரி ரசீதின் எண்ணும், எத்தனை உருப்படி என்பதும், பெயிடா டூ பேயா என்பதும், வாடகையும் இருக்கும். ஷீட்டை ஸ்கேன் செய்து, டேபிள் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி, வெட்டியதை எழுத்து படிக்கும் நிரலிடம் கொடுக்க வேண்டும். இதில் கடினமான பகுதி எழுத்தைப் படிப்பதுதான் என்று பலரும் நினைப்பார்கள். இந்த ஷீட்டைப் பொறுத்தவரை வெட்டுவதுதான் கடினம்.

காரணம் அந்த ஷீட்டின் அமைப்பு. முன்பே அச்சடித்த தொடர் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எழுத்தை அடிக்கிறது. எல்.ஆர். பட்டியல் ஒன்றுதான், ஆனால் அது இரண்டு கட்டங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. இடது கட்டத்தில் முதல் 20 வரி, அது நிரம்பியதும் வலது கட்டத்தில் அடுத்த 20. வலது கட்டத்துக்குக் கீழே டீசல், டோல், பேட்டா, ஏற்று கூலி என்று ஒரு சின்ன செலவுக் கட்டம். தாளை மாட்டியவர் அரை வரி ஏற்றியோ இறக்கியோ வைத்திருந்தால் அந்தக் கட்டுத் தாள் தீரும்வரை எல்லா எழுத்தும் கோட்டின் மேலேயே விழுந்திருக்கும். வண்டி கிளம்பும் நேரத்தில் வந்த சரக்கு கட்டத்துக்குக் கீழே பேனாவால் எழுதப்பட்டிருக்கும். அதன்மேல் ஆபீஸ் சீல்.

டேபிளைக் கண்டுபிடிக்கும் மாடல்கள் பொதுவில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல, ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்த டேபிள்களில் பழகியவை; பப்டேபிள்ஸ்-1எம் என்ற பெரிய தொகுப்பே அப்படி எடுத்ததுதான். அப்படிப் பழகிய ஒன்றை எங்கள் ஷீட்டில் ஓட்டிப் பார்த்தபோது, இரண்டு கட்டத்தையும் சேர்த்து ஒரே அகலப் பெட்டியாகப் பிடித்தது. அதை அப்படியே வெட்டினால் முதல் வரி எல்.ஆரும் 21ஆம் வரி எல்.ஆரும் ஒரே வரியாகிவிடும். ஒருவருடைய சரக்கு இன்னொருவரின் வாடகையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சொந்த மாடலைப் பழக்குவது என்று முடிவு செய்து, லேபிள் ஸ்டூடியோ என்ற மென்பொருளில் படங்களை ஏற்றினோம்.

லேபிள் போடுவது என்றால் படத்தில் டேபிளைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைவது, அவ்வளவுதான். ஆனால் செவ்வகம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது. ஒரே மாதிரி ஷீட்டில் ஒரு நாள் சீலுக்கு மேலும் இன்னொரு நாள் சீலுக்குக் கீழும் பெட்டி முடிந்தால், மாடல் இரண்டுக்கும் நடுவில் எங்கோ முடிக்கக் கற்றுக்கொள்ளும். அந்த நடுவில்தான் கடைசி எல்.ஆர். இருக்கும்.

விதிகளை எழுதும்போது அந்த ஆபீஸில் பல வருடமாக டிரிப் ஷீட் கணக்கு பார்க்கும் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கோடு முடியும் இடமா, எழுத்து முடியும் இடமா என்று கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. "கோட்ட வெச்சி இன்னா பண்றது தம்பி? எழுத்து எதுவரைக்கும் கீதோ அதுவரைக்கும் போடு. கையால எழுதினதும் உள்ள வரணும். வண்டி கெளம்பறப்போ ஏத்துன சரக்கு அது, பார்ட்டி மொதல்ல அத்தத்தான் கேப்பான்."

அதுவே முதல் விதி ஆனது. கோடு, எழுத்து இரண்டில் எது வெளியே நீள்கிறதோ அதுவரை பெட்டி. கையால் எழுதிய வரியில் எல்.ஆர். எண் இருந்தால் உள்ளே. வெறும் குறிப்போ கையெழுத்தோ என்றால் வெளியே. சீல் கட்டத்தின் மேல் விழுந்திருந்தாலும் அதற்காகப் பெட்டியை நீட்டவோ குறைக்கவோ கூடாது. இடது, வலது கட்டங்களுக்குத் தனித்தனிப் பெட்டி, ஆனால் இரண்டுக்கும் ஒரே வகைப் பெயர். எது முதலில் என்பதை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்திப் பிறகு தெரிந்துகொள்ளலாம். செலவுக் கட்டத்துக்கு மட்டும் வேறு வகை.

அதிகம் பேசியது காலி வலது கட்டத்தைப் பற்றித்தான். சரக்கு குறைந்த நாளில் 20 எல்.ஆர். கூட வராது. வலது கட்டத்தில் அச்சடித்த தலைப்பும் கோடும் மட்டும் இருக்கும். அதில் படிக்க ஒன்றுமில்லை, லேபிள் எதற்கு என்று தோன்றும். ஆனால் அதே தலைப்பு, அதே கோடு நிரம்பிய நாளில் டேபிள் ஆகிறது, காலி நாளில் வெறும் பின்னணி ஆகிறது. இரண்டே இரண்டு எல்.ஆர். விழுந்த வலது கட்டம் வரும்போது மாடல் தடுமாறும். காலிக் கட்டத்தையும் டேபிள் என்றே குறித்தோம். காலியா இல்லையா என்பதை எழுத்து படிக்கும் நிரல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏ4 பக்கத்தை 200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் படம் 1654 பிக்சல் அகலம், 2339 உயரம். ஒரு சாதாரண ஷீட்டின் லேபிள் கோப்பு நாங்கள் பழக்கிய யோலோ என்ற மாடலுக்கான வடிவில் இப்படி இருக்கும்:

```
0 0.2721 0.4617 0.4232 0.4788
0 0.7255 0.4617 0.4232 0.4788
1 0.7255 0.7909 0.4232 0.1283
```

முதல் எண் வகை: 0 என்றால் எல்.ஆர். கட்டம், 1 என்றால் செலவு. அடுத்த இரண்டும் பெட்டியின் நடுப்புள்ளி, கடைசி இரண்டும் அகலமும் உயரமும், எல்லாம் படத்தின் அளவோடு வகுத்த பின்னம். முதல் வரியின் உயரம் 0.4788 என்பது 1120 பிக்சல். தலைப்போடு சேர்த்து அதில் 21 வரிகள். ஒரு வரிக்கு ஏறக்குறைய 53 பிக்சல்.

இந்த 53 பிக்சல்தான் முழு வேலையையும் தீர்மானித்தது. மாடல் போட்ட பெட்டி நல்லதா என்று பார்க்க, அதுவும் நம் லேபிளும் சேர்ந்து மூடும் பரப்பில் பொதுவான பகுதி எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். மாடலின் பெட்டி மற்ற மூன்று பக்கமும் கச்சிதமாக இருந்து, கீழே ஒரே ஒரு வரியை விட்டுவிட்டால் அந்த விகிதம் 1067/1120, அதாவது 0.953. பயிற்சி முடிந்ததும் திரையில் வரும் `mAP50` கணக்குக்கு 0.5 இருந்தாலே போதும். `mAP50-95` கணக்கின் மிகக் கடுமையான படி 0.95, அதையும் இந்தப் பெட்டி தாண்டிவிடுகிறது. அளவுகோலின் பார்வையில் குறையே இல்லை. ஆபீஸின் பார்வையில் ஒரு பார்ட்டியின் சரக்கு காணவில்லை.

அதனால் அந்த மதிப்பெண்களை மாடல் சரியான திசையில் போகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன். மாடலை ஏற்பதா வேண்டாமா என்பதற்கு வேறு சோதனை: சோதனைக்கு ஒதுக்கிய ஒவ்வொரு ஷீட்டிலும் மாடலின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நம் லேபிளுக்குள் அரை வரிக்கு மேல் நுழைந்திருக்கிறதா என்று எண்ணுவது. வெளியே கொஞ்சம் நீண்டால் பரவாயில்லை, உள்ளே நுழைந்தால் தவறு.

சோதனைக்கு ஒதுக்குவதிலும் கவனம் வேண்டும். மொத்தம் சுமார் 300 பக்கத்தைக் கலைத்துப் போட்டு ஐந்தில் ஒன்றை எடுத்தால், ஒரே கட்டுத் தாளின் பக்கங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருக்கும். அதே ரிப்பன் மங்கல், அதே அரை வரி நழுவல். மாடல் ஏற்கனவே பார்த்ததையே மறுபடி பார்க்கும், மதிப்பெண் அழகாக வரும். நாங்கள் மாதவரம் குடோனில் அடித்த ஷீட்டுகள் முழுவதையும் தனியாக எடுத்து வைத்தோம். அங்கே பிரிண்டர் வேறு, தாள் மாட்டும் ஆள் வேறு.

பயிற்சிக்குக் கொடுத்த கட்டளை இது:

```
yolo detect train model=yolov8s.pt data=tripsheet.yaml imgsz=1280 epochs=100 fliplr=0.0 mosaic=0.0
```

படத்தை 640 பிக்சலுக்குச் சுருக்குவது இயல்பு நிலை. அப்படிச் சுருக்கினால் 53 பிக்சல் வரி 15 பிக்சலுக்கும் கீழே போய்விடும், பேனா வரியும் சீல் மையும் ஒன்றாகிவிடும், அதற்காக 1280. `fliplr` படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பும், எந்த டிரிப் ஷீட்டும் அப்படி வராது. `mosaic` நான்கு படங்களை வெட்டி ஒட்டி ஒரே படமாக்கும். தெருக் காட்சிகளுக்கு அது உதவலாம். இங்கே ஒட்டும் இடத்தில் டேபிள்கள் பாதியில் அறுபடும், அறுபட்டதே முழு டேபிள் என்று லேபிளும் சொல்லும். டேபிளின் அடிப்பகுதியை மதிக்கக் கற்றுத்தர வேண்டிய மாடலுக்கு அது நேர் எதிரான பாடம்.

எல்லா ஷீட்டையும் வெறுங்கையால் லேபிள் போடவில்லை. முதல் 60 பக்கத்தை அக்காவும் நானும் தனித்தனியே போட்டு, ஒப்பிட்டு, விதிகளைத் தீட்டினோம். அதில் ஒரு சின்ன மாடலைப் பழக்கி, மீதிப் பக்கங்களில் அதையே பெட்டி போட வைத்துத் திருத்தினோம். நேரம் நிறைய மிச்சம். ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு: திரையில் ஏற்கனவே ஒரு பெட்டி இருந்தால், முக்கால்வாசி சரியாகத் தெரிந்தாலே கை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கடைசி வரி விடுபட்ட பெட்டி அப்படியே லேபிளாகி, அடுத்த மாடலுக்குப் பாடமாகிவிடும். அதனால் ஒவ்வொரு பெட்டியின் கீழ் விளிம்பையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே சேமிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஸ்கேன் கட்டில் கலந்திருந்த டீசல் பில், ஷீட்டின் பின்பக்கம் போன்றவற்றையும் எந்தப் பெட்டியும் இல்லாமல் பயிற்சியில் சேர்த்தோம்; இல்லையென்றால் டீசல் பில்லின் கட்டத்தையும் எல்.ஆர். கட்டம் என்று பிடிக்கும்.

வெட்டும்போது பெட்டிக்கு வெளியேயும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுகிறோம். மேலும் கீழும் தாராளமாக ஒரு வரி அளவு. பக்கவாட்டில் அப்படி விட முடியாது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் 50 பிக்சல்தான், அதைத் தாண்டினால் பக்கத்துக் கட்டத்தின் எல்.ஆர். எண் உள்ளே வந்துவிடும். அதனால் பக்கத்துக்கு 15 பிக்சல் மட்டும்.

கடைசிக் காவல் ஷீட்டிலேயே இருந்தது. தலைப்பகுதியில் மொத்த எல்.ஆர். எண்ணிக்கை அச்சாகியிருக்கும். படித்த வரிகளின் எண்ணிக்கை அதோடு பொருந்தாத ஷீட் அக்காவின் மேசைக்குப் போகும். கையால் வரி சேர்த்த ஷீட்டுகள் சரியாகப் படித்தாலும் அங்கே போகும், ஏனென்றால் அச்சான எண்ணிக்கைக்குப் பிறகு எழுதிய வரிகள் அவை. அச்சு எண்ணைவிட வரி கூடுதலாக வந்தால் பேனா வரியாக இருக்கலாம், அக்கா ஒரு பார்வை பார்த்து விட்டுவிடுவார். குறைவாக வந்தால் மூன்றாவது கார்பன் காப்பியாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதில் கோடும் எழுத்தும் சேர்ந்தே மங்கி, மனிதக் கண்ணுக்கே டேபிளின் அடி தெரியாது. அந்த வகை ஷீட்டுக்கு லேபிள் கூட்டிப் பார்த்தும் பெரிய பலன் இல்லை. புக்கிங் ஆபீஸில் முதல் காப்பியைத் தேடி எடுத்து மறுபடி ஸ்கேன் செய்கிறோம்.