“எடுத்துடுங்க” என்றால் என்ன அர்த்தம்?

ஜனவரி 2025, முதல் வாரம். காலை ஒன்பதரைக்கு மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் விற்பனைப் பிரிவு, நான் டேட்டாபேஸ் பார்க்கிற ஆள். நாலே வரிதான்:

> 1. போன வருஷம் மாசவாரியா எத்தனை பேர் புதுசா சேர்ந்தாங்கன்னு வேணும்.
> 2. ஒரே ஆள் ரெண்டு தடவை பதிவாகியிருந்தா அந்த லிஸ்ட்.
> 3. ஒரு வருஷமா ஆக்டிவா இல்லாதவங்களை எடுத்துடுங்க.
> 4. மீதி இருக்கறவங்க பகுதிவாரியா எத்தனை பேர்.
> மூணு மணிக்கு மீட்டிங்.

முதல் வாசிப்பில் நாலுமே தெளிவாகத்தான் தெரிந்தது. மூன்றாவதுக்கு க்வெரி எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. எடுத்துடுங்க என்றால் நீக்கிவிடுவதா, தனியாகப் பிரித்து எடுத்துக் கொடுப்பதா? நம் பேச்சில் இரண்டுக்கும் இதே சொல்தான். “சட்டையில இருக்கற கறையை எடுத்துடுங்க” என்றால் ஒன்று, “பீரோவுல இருந்து அந்த ஃபைலை எடுத்துடுங்க” என்றால் வேறு. ஒன்றில் பொருள் ஒழிந்துபோகிறது, மற்றதில் கைக்கு வருகிறது.

நாலாவது வரியில் “மீதி” என்று இருந்ததால் என் மனம் நீக்குவது என்ற பக்கமே சாய்ந்தது. நீக்கினால்தானே மீதி? ஆனால் ஒரு பட்டியலைத் தனியாகப் பிரித்தாலும் மற்றவர்கள் மீதிதான். அந்தச் சொல் எனக்குச் சாட்சி சொல்லவில்லை, சொன்னது போல இருந்தது, அவ்வளவுதான்.

நீக்குவதில் இன்னொரு விவகாரமும் இருந்தது. எங்கள் ஆர்டர் டேபிள், வாடிக்கையாளர் டேபிளோடு ஃபாரின் கீ வழியாக இணைந்திருக்கிறது. அதில் `ON DELETE CASCADE` போட்டிருக்கிறது. நான் வருவதற்கு முன்பே யாரோ போட்டது. ஒரு வாடிக்கையாளர் ரெக்கார்டை அழித்தால் அவருடைய பழைய ஆர்டர்கள் எல்லாம் சத்தமில்லாமல் கூடவே போய்விடும். அப்புறம் முந்தைய வருடங்களின் விற்பனை அறிக்கையை மறுபடி எடுத்தால் மொத்தம் குறைந்திருக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. பேக்கப்பில் இருந்து மீட்கலாம்தான், ஆனால் இடையில் வந்த புது ஆர்டர்களோடு சேர்த்து ஒட்டுவதற்குள் ஒரு நாள் போய்விடும்.

ஆக, மூன்றாவதைக் கேட்காமல் செய்ய முடியாது. அதற்காக நாலையும் நிறுத்திவைக்கவும் முடியாது. முன்பு ஒருமுறை அப்படி நிறுத்தியிருக்கிறேன். ஐந்து கேள்வியில் ஒன்று புரியவில்லை என்று “விளக்கம் கிடைத்ததும் அனுப்புகிறேன்” என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அவர் பயணத்தில் இருந்தார். மறுநாள் வந்து, “மத்த நாலையாவது அனுப்பியிருக்கலாமே” என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் இரண்டையும் முதலில் முடித்தேன். மாதவாரிக் கணக்கு பத்து நிமிட வேலை. இரண்டாவதிலும் சின்னச் சந்தேகம் இருந்தது. “ஒரே ஆள்” என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பெயரா, தொலைபேசி எண்ணா, மின்னஞ்சலா? இதைக் கேட்கத் தோன்றவில்லை. இது வெறும் பட்டியல், எதையும் மாற்றப் போவதில்லை. தவறாக எடுத்திருந்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் வேறு மாதிரி எடுத்துத் தரலாம். மின்னஞ்சலை வைத்துப் பார்த்தேன், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஓரத்து இடைவெளி வித்தியாசங்களை ஒதுக்கிவிட்டு:

```sql
SELECT lower(trim(email)) AS mail, count(*)
FROM customers
GROUP BY 1
HAVING count(*) > 1;
```

412 மின்னஞ்சல்கள் வந்தன. பதிலில் “மின்னஞ்சல் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று கொண்டேன்” என்று ஒரு வரி சேர்த்தேன். அது அவருக்கு ஒத்துவராவிட்டால் அந்த வரியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அடுத்து மூன்றாவது. “எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள்” என்று கேட்டால் அவர் யோசித்து ஒரு பத்தி எழுத வேண்டும். மீட்டிங் நாளில் அதை யாரும் எழுதமாட்டார்கள். “ஆக்டிவ்” என்பதற்கு எங்கள் டேபிளில் என்னென்ன அர்த்தம் இருக்க முடியும் என்று முதலில் எண்ணிப் பார்த்தேன். ஒரு வருடம் ஆர்டர் போடாதவர், ஒரு வருடம் உள்ளே நுழையாதவர், கணக்கையே மூடிவிட்டவர்:

```sql
SELECT
  count(*) FILTER (WHERE last_order < '2024-01-01') AS no_order,
  count(*) FILTER (WHERE last_login < '2024-01-01') AS no_login,
  count(*) FILTER (WHERE status = 'closed') AS closed
FROM customers;
```

மொத்தம் 18,640 பேரில் ஆர்டர் போடாதவர் 6,212, நுழையாதவர் 4,870, மூடியவர் 1,140. இவ்வளவு இடைவெளி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்திருந்தால் ஏதோ ஒன்றை நானே தேர்ந்தெடுத்து, எது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆறாயிரத்துக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் என்னால் ஊகித்து நிற்க முடியாது.

அனுப்பும் முன் ஒன்று உறுத்தியது. பதிவு செய்துவிட்டு இன்றுவரை ஒரு ஆர்டரும் போடாதவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கு `last_order` வெறுமையாக, அதாவது `NULL` ஆக இருக்கும். `NULL`-ஐ எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் எஸ்க்யூஎல் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அதனால் அவர்கள் 6,212-இல் விழவில்லை. தனியாக எண்ணினேன். 2,305 பேர். கேள்வியில் இவர்களைச் சொல்லாமல் விட்டிருந்தால், அவர் ‘ஆர்டர் போடாதவர்’ என்று பதில் தந்தாலும் இந்த 2,305 பேரும் “ஆக்டிவ்” பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்.

நாலாவது கேள்வி தெளிவுதான், ஆனால் அது மூன்றாவதின் தோளில் ஏறி நிற்கிறது. “மீதி” யார் என்று தெரியாமல் பகுதிவாரியாக எப்படி எண்ணுவது? அதற்காகக் காலியாகவும் விடவில்லை. எல்லோரையும் சேர்த்துப் பகுதிவாரிக் கணக்கு எடுத்து, “மூன்றாவதுக்குப் பதில் வந்ததும் இது குறையும்” என்று தலைப்பிலேயே எழுதினேன். தலைப்பில் எழுதியது வேண்டுமென்றேதான். அந்த டேபிளை யாராவது அப்படியே வெட்டி ஸ்லைடில் ஒட்டினாலும் அந்த வரி கூடவே போகும்.

கேள்வியை எங்கே வைப்பது என்பதில் எனக்குப் பழைய சூடு ஒன்று உண்டு. நீளமான பதிலின் கடைசி வரியில் கேள்வி வைத்தால் அது கண்ணிலேயே படாது. மேலே இருக்கும் எண்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொரு சூடு, “நீக்கவா, லிஸ்ட் மட்டும் போதுமா?” என்று கேட்டு “ஆமா” என்று பதில் வாங்கியது. எதற்கு ஆமா என்று திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டேன். இந்த முறை எழுத்துப் போட்டுக் கேட்டேன். போனில் இருந்தே இரண்டு எழுத்து தட்டினால் போதும் என்பது மாதிரி:

> மேடம், 1, 2 முடிந்தது, 4 தற்காலிகமாக, மூன்றும் கீழே. 3-க்கு மட்டும் உங்களிடமிருந்து இரண்டு எழுத்து வேண்டும்.
>
> யார்?
> அ) ஒரு வருடமாக ஆர்டர் போடாதவர் – 6,212
> ஆ) ஒரு வருடமாக உள்ளே நுழையாதவர் – 4,870
> இ) கணக்கை மூடியவர் – 1,140
> (பதிவு செய்து ஒருமுறைகூட ஆர்டர் போடாத 2,305 பேர் ‘அ’-வில் இல்லை.)
>
> என்ன செய்ய?
> க) பட்டியல் மட்டும்
> ங) டேட்டாபேஸிலிருந்து நீக்க. இதில் அவர்களுடைய பழைய ஆர்டர்களும் போய்விடும்.
>
> உங்கள் பதில் வரும்வரை எதையும் நீக்கவில்லை.

பதினோரு மணிக்கு அனுப்பினேன். “பதில் வராவிட்டால் ‘அ, க’ என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று சேர்க்கலாமா என்று யோசித்தேன். பட்டியல்தானே, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்து நாலாவது டேபிளையும் மாற்றிவிடுவேன், அது மீட்டிங்கில் திரையில் ஏறும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. ஒரு எழுத்துகூட இல்லை.

> ஐயோ நீக்கறதா! இல்லப்பா, அவங்களுக்கு ஒரு மெயில் அனுப்பி திரும்பக் கூப்பிடணும், அதுக்குத்தான் எடுக்கச் சொன்னேன். ஆர்டர் போடாதவங்க தான். அந்த 2,305 பேரையும் சேர்த்துக்கோங்க, அவங்கதான் முக்கியம். ஆனா சேர்ந்து மூணு மாசம் ஆகாதவங்களை விட்டுடுங்க, பாவம் இப்பத்தானே வந்திருக்காங்க.

நான் கொடுத்த தேர்வுகளில் அவர் கேட்டது அப்படியே எதிலும் இல்லை. அ, ஆ, இ மூன்றும் என் டேபிளில் இருந்து நான் உருவாக்கியவை. அவர் தலையில் இருந்தது வேறு வடிவம். ஆனால் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த 2,305 கண்ணில் பட்டிருக்காவிட்டால் அதைச் சொல்லியிருக்கமாட்டார். மூன்று மாத விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்கு போட்டேன். 6,212-உம் 2,305-உம் சேர்ந்து 8,517. இதில் கணக்கை மூடியவர்கள் 934 பேர். விட்டுப் போனவருக்கு “திரும்ப வாங்க” என்று மெயில் அனுப்புவது சரியில்லை, அதனால் அவர்களைக் கழித்தேன், கழித்ததைச் சொல்லவும் செய்தேன். மூன்று மாதம் ஆகாத 388 பேரும் போக, பட்டியலில் 7,195 பேர் நின்றார்கள். மூடியவர்கள் எல்லோரையும் இந்தப் பட்டியலையும் கழித்தால் மீதி 10,305. நாலாவது டேபிளை அதன்படி மாற்றி, தலைப்பில் இருந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு (இது நீக்குகிற எடுத்தல்) ஒன்றே முக்காலுக்கு அனுப்பினேன். இரட்டைப் பதிவுகளை எந்த எண்ணிலும் கழிக்கவில்லை என்பதையும் கீழே எழுதினேன்.

பகுதிவாரிக் கணக்கில் ஒரு பகுதி பாதிக்கு மேல் சரிந்திருந்தது. காலையில் எல்லோரையும் சேர்த்து எடுத்தபோது அதுதான் இரண்டாவது பெரிய பகுதி. மீட்டிங் முழுக்க அதைப் பற்றியே பேசினார்களாம். மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது: “அந்த ஒரு பகுதி லிஸ்டை மட்டும் தனியா எடுத்துக் கொடுங்க.”

“கொடுங்க” இருந்தது. கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன்.