மரம் சாய்க்க ஒரு கோடாலி, விறகு பிளக்க ஒரு கோடாலி: சீமைக் கருவேலில் செய்து பார்த்தது

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கண்மாயை ஒட்டிய எங்கள் நிலத்தில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. பின்கட்டு அடுப்புக்கு விறகு வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை படைப்புச் சமையலுக்கு இன்னும் நிறைய வேண்டும். அதனால் சாய்ப்பது, துண்டு போடுவது, பிளப்பது எல்லாவற்றையும் கையாலேயே செய்து பழகி வருகிறேன். இதுவரை பார்த்ததில் கோடாலித் தலையின் எடையையும் வாயின் வடிவத்தையும் பற்றித் தெளிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு தலைகள் இருக்கின்றன. ஒன்று மரம் வெட்டுகிற கோடாலி, தலை 1.5 கிலோ. இன்னொன்று ஊர்ப் பட்டறையில் ஆசாரி பழைய சம்மட்டி ஒன்றின் ஒரு முகத்தைக் காய்ச்சி ஆப்பு மாதிரி இழுத்து அடித்துக் கொடுத்தது, தலை 3 கிலோ. அதன் மறுமுகம் இன்னும் சம்மட்டியாகவே இருக்கிறது. எல்லாரும் எடையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் அளந்தது கன்னத்தின், அதாவது வாய்க்குப் பின்னால் இரண்டு பக்கமும் சரிந்து தடிக்கிற பகுதியின் தடிமனை. வாயிலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி அளந்தால் வெட்டுக் கோடாலி 1.7 செ.மீ. தடிமன், பிளக்கிற கோடாலி 4 செ.மீ. தடிமன். கோணமாகச் சொன்னால் முன்னது ஏறக்குறைய 20 டிகிரி, பின்னது 43 டிகிரியை ஒட்டி வரும். மீதி எல்லாவற்றையும் இந்த ஒரு அளவைக் கொண்டே விளக்கிவிடலாம்.

முதலில் சாய்ப்பு. நான் எடுத்துக்கொண்டது அடியில் 20 செ.மீ. பருமன் உள்ள ஒற்றைத் தண்டு மரம். சீமைக் கருவேலில் அப்படி ஒன்று கிடைப்பதே அரிது, பெரும்பாலும் ஒரே தூரிலிருந்து நாலைந்து தண்டு கிளம்பியிருக்கும். கீழ்க்கிளைகளையும் முள்ளையும் வெட்டரிவாளால் கழித்துவிட்டு, விலகி ஓட வழி ஒதுக்கிக்கொண்டுதான் கோடாலியைத் தொட்டேன். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதல் வாய் வெட்ட வேண்டும். கோடாலியைத் தண்டுக்கு நேர்க்குத்தாக வீசினால் நாரின் குறுக்கே மோதி ஒரு விரல்கடைகூட இறங்காது. சாய்வாக, சுமார் 45 டிகிரியில், ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து என்று மாற்றி மாற்றி வீசினால் இரண்டு வெட்டுக்கும் நடுவில் உள்ள கட்டை சிராயாகக் கழன்று தெறிக்கிறது. வெட்டின் வாய் மேலும் கீழும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். 20 செ.மீ. மரத்துக்கு வெட்டின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே வைத்தேன். சிறிதாகத் தொடங்கினால் உள்ளே போகப் போக இடம் குறுகி, கோடாலி இரண்டு பக்கமும் உரசி மாட்டிக்கொள்ளும். விழும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்டியபின், எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே வெட்டி, நடுவில் கீல் மாதிரிக் கொஞ்சம் கட்டையை விட்டுவைத்தேன். அந்தக் கீல்தான் மரத்தைத் திருப்பாமல் ஒரே பக்கம் சாய்க்கிறது.

இந்த வேலைக்கு மெல்லிய கன்னம்தான் வேண்டும். ஒவ்வொரு அடியும் நாரை அறுக்க வேண்டும், அதே நேரத்தில் சிராயை வெளியே நெம்ப வேண்டும். கன்னம் முழுக்கத் தட்டையாக இருந்தால் ஆழமாக இறங்கும், ஆனால் கட்டை இரண்டு பக்கமும் அப்பிக்கொள்ளும். லேசாக, தடவிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்குப் புடைத்திருந்தால் இறங்கவும் இறங்கும், கழன்றும் வரும். கரி மூட்டம் போடுகிற பெரியவர் ஒருவர் கரையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சிராய் உள்ளங்கை அகலத்துக்கு விழணும். தூளாக் கொட்டுனா வாய் மழுங்கிருச்சுன்னு அர்த்தம், நிறுத்திட்டு அரத்தைப் போடு." அன்று முதல் நான் மரத்தைப் பார்ப்பதைவிடச் சிராயைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அதே மரத்தில் 3 கிலோ தலையையும் வீசிப் பார்த்தேன், இரண்டும் என்ன செய்கின்றன என்று பக்கத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக. வெட்டுத் தடம் பார்த்தாலே புரிந்துவிடும். அந்த இடத்தில் நார் அறுபடவில்லை, நசுங்கியிருந்தது. 43 டிகிரிக் கன்னம் கொஞ்சம் உள்ளே போனதும் தானே தடுப்பாகிவிடுகிறது, தலை கையை நோக்கி எகிறுகிறது. பக்கவாட்டில் வீசும்போது அந்த எடையைத் தோள்பட்டைதான் தாங்க வேண்டும், ஆகவே அடி வைத்த இடத்தில் அடுத்த அடி விழுவதில்லை. சாய்ப்பில் சின்ன அடிகள் ஏராளமாக, குறிதவறாமல் விழ வேண்டும். கனமான தலைக்கு அங்கே வேலை இல்லை.

பிளப்பு வேறு விஷயம். தண்டை ரம்பத்தால் 35 செ.மீ. துண்டுகளாக அறுத்து, தடித்த அடிமரக் கட்டை ஒன்றின் மேல் நிறுத்திப் பிளக்கிறேன். அடிக்கட்டை இல்லாமல் தரையில் வைத்தால் வாய் போய்விடும். எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் கொஞ்சம் கீழே போனாலே செம்புராங்கல், ஒரு அடி தவறி அதில் விழுந்தால் வாயில் பல் விழும். துண்டை அடிக்கட்டையின் நடுவில் வைக்காமல் என்னைவிட்டுத் தள்ளியிருக்கிற அந்தப்பக்க ஓரத்தில் வைக்கிறேன். குறி தப்பினால் கோடாலி என் காலை நோக்கி வராமல் அடிக்கட்டையில் இறங்கும்.

முதலில் வெட்டுக் கோடாலி. நாரின் போக்கிலேயே இறங்குவதால் 5 செ.மீ. சுலபமாகப் போனது, அங்கேயே நின்றுவிட்டது. கட்டை இரண்டு கன்னத்தையும் கவ்விக்கொண்டது. காம்பை மேலும் கீழும் ஆட்டித்தான் எடுக்க முடிந்தது, அப்படி ஆட்டுவதில்தான் காம்பு, தலையில் அது நுழைகிற துளையான கண் பக்கத்தில் விரிசல் விடும். பிறகு பிளக்கிற கோடாலி. அது இறங்கியது 2 செ.மீ. தான், ஆனால் துண்டு இரண்டாகப் போய் விழுந்தது.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். வெட்டுக் கோடாலி 2 செ.மீ. இறங்கினால் கட்டை 0.7 செ.மீ. கூட விரியாது. பிளக்கிற கோடாலி அதே 2 செ.மீ. இறங்கினால் 1.6 செ.மீ. விரிந்தாக வேண்டும். பிளப்பில் வாய் நாரை அறுப்பதில்லை. வாய் ஒரு கீறலைத் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கன்னம் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, கீறல் இரும்புக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறது. துண்டு பிளந்து விழும்போது வாய் அடிக்கட்டையைத் தொட்டிருக்கக்கூட வேண்டியதில்லை.

அப்படியானால் எடைக்கு என்ன பங்கு? இதை நான் அதிகம் யோசித்தேன். 1.5 கிலோ தலையை 3 கிலோ தலையைவிட ஒன்றரை மடங்கு வேகமாக வீச முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் எடையோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். கனத்த தலைக்கு 3 பங்கு என்றால் லேசான தலைக்கு 1.5 பெருக்கல் 2.25, அதாவது 3.4 பங்கு. ஆற்றலில் லேசான தலை பின்தங்கவில்லை, ஒரு பிடி கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் எடையும் வேகமும் பெருக்கி வருகிற உந்தம் கனத்ததுக்கு 3, லேசானதுக்கு 2.25. தடித்த கன்னம் கட்டையை விலக்கும்போது எதிர்ப்பு சட்டென்று ஏறும். அந்த நேரத்தில் நிற்காமல் தொடர்ந்து தள்ள உந்தம் தேவைப்படுகிறது. என் அனுபவத்தில் முதலில் கன்னம், அடுத்துத்தான் எடை. 3 கிலோவுக்கு மேல் உள்ள தலையை இரவல் வாங்கியும் வீசிப் பார்த்தேன். வேகம் குறைந்துவிடுவதால் கூடுதல் எடையால் எனக்குப் பலன் தெரியவில்லை, மூச்சுதான் வாங்கியது. என்னைவிட உயரமானவருக்கு, தோள்வலு உள்ளவருக்கு அது ஒத்துவரலாம்.

குறி வைப்பதும் இதோடு சேர்ந்தது. துண்டின் வெட்டுமுகத்தில் காய்ந்த வெடிப்பு இருந்தால் அதன் நீளத்திலேயே அடிக்க வேண்டும். நட்டநடுவில் அடித்தால் அகலத் துண்டில் தலை எகிறும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கீறல் பிடித்துக்கொள்ளும். முதல் அடியில் பிளக்காவிட்டாலும் சத்தம் மாறும். கணீரென்று கேட்ட கட்டை பொத்தென்று கேட்டால் உள்ளே கீறல் ஓடிவிட்டது, அதே கோட்டில் இன்னொரு அடி போதும்.

வாயைத் தீட்டுவதிலும் இரண்டுக்கும் வழி வேறு. வெட்டுக் கோடாலியின் நுனியைச் சுமார் 25 முதல் 30 டிகிரிக்குக் கூராக்குகிறேன். காய்ந்த சீமைக் கருவேலும் புளியின் வைரமும் கடினமானவை, அவற்றுக்கு 30 டிகிரிதான் சரி. அதைவிட மெல்லிசாக்கினால் வாய் மடங்கும். மடங்கியிருப்பதைக் கண்டுபிடிக்க வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும். கூரான வாய் பளபளக்காது, மடங்கிய அல்லது மழுங்கிய இடம் மட்டும் வெள்ளைக் கோடாக மின்னும். அரத்தை வாயை நோக்கித் தள்ளித் தீட்டுவதால் கையில் தோல் உறை போட்டுக்கொள்கிறேன். சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் அடிக்கடி தண்ணீரில் முக்கிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். வாயில் நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, மறுபடி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பிளக்கிற கோடாலிக்கு அவ்வளவு கூர் தேவையில்லை. ஆனால் "மழுங்கலாத்தான் இருக்கணும்" என்று சொல்லக் கேட்டு அப்படியே விட்டுவைப்பதும் சரியில்லை. வாய் உருண்டுபோனால் காய்ந்த கட்டையில் பிடிப்பே கிடைக்காமல் எகிறும். நுனியில் மட்டும் கொஞ்சம் அரம் போட்டு, விரலை வைத்து அழுத்தினால் வெட்டாது, நகத்தை உரசினால் சீவும் என்கிற நிலையில் வைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் உள்ள கன்னத்தில் கை வைக்கவே இல்லை. கன்னத்தை அரத்தால் மெலிய வைத்தால் அது வெறும் கனத்த கோடாலியாகிவிடும்.

பிளக்காத இடமும் உண்டு. புளிய மரத்தின் கவட்டையும் கணுவும் நேராக ஓடாத நாரால் பின்னிக் கிடக்கும், கீறல் ஓட வழியில்லை. 3 கிலோ தலை அதில் பதிந்து நின்றதே தவிரப் பிரியவில்லை. அங்கே இரும்பு ஆப்பு வைத்து அடிக்க வேண்டும், அதற்குப் பிளக்கிற கோடாலியின் சம்மட்டி முகம் உதவும். வெட்டுக் கோடாலியின் பின்புறத்தால் ஆப்பை அடிக்கவே கூடாது. கண்ணைச் சுற்றிய இரும்பு மெல்லியது, அடி தாங்காமல் விரிந்து காம்பு கழன்றுவிடும். ஆப்பின் தலை அடிபட்டு விளிம்பு விரிந்திருந்தால் அதை அரத்தில் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பு சில்லாகப் பறந்து கண்ணில் படும். கண்ணாடி போடாமல் ஆப்படிப்பதில்லை.

புளியங்கவட்டைகளை இப்போதைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். லாரியின் வில்பட்டை இரும்பில் இரண்டு ஆப்பு செய்துதர ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்று மெலிந்தது, ஒன்று தடித்தது. மெலிந்ததால் கீறலைத் திறந்து, தடித்ததை அதில் இறக்கினால் பின்னிய நார் விடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எழுதுகிறேன்.