சீதன உறுதியும் அறுந்து கிடந்த பதிவும்

ஆரையம்பதியில் மனைவியின் பெயரில் இருக்கும் வீட்டுக்கு மேல்மாடி கட்ட வீட்டுக்கடன் கேட்டோம். சம்பளக் கடிதம், மதிப்பீட்டறிக்கை, பிரதேச சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் இரண்டு கிழமைக்குள் முடிந்தன. கடன் அதிகாரியும் "இனிப் பிரச்சினை இல்லை" என்றார். அதற்குப் பிறகுதான் வங்கியின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது: உரித்துத் தொடர் பூர்த்தியில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. 2011இல் மாமி எழுதிக் கொடுத்த சீதன உறுதி கையில் இருக்கிறது, பதிந்தும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

சட்டத்தரணி பதிவேட்டுப் பிரதியை மேசையில் விரித்துக் காட்டினார். அந்தக் காணிக்குரிய பக்கத்தின் முதல் வரியே எங்கள் சீதன உறுதிதான். அதற்கு முன் ஒன்றுமில்லை. வங்கி முப்பது வருட உரித்தைப் பார்க்கிறது. இந்தப் பக்கத்தின்படி காணி 2011இல்தான் பிறந்திருக்கிறது. மாமிக்கு அது எப்படி வந்தது என்பதற்கு அங்கே சாட்சியில்லை.

காரணம் இதுதான். மாமியின் காணி ஒரே துண்டாக இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்காக அளந்து பிரித்தார்கள். பிரித்த துண்டுக்குப் புதுப் பக்கம் திறப்பது வழமைதான். ஆனால் பழைய பக்கத்தின் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் உறுதியில் 'முன் பதிவு' என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பதிவகத்தில் இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று தொடுப்பார்கள். எங்கள் உறுதியை முடித்த நொத்தாரிசு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். பதின்மூன்று வருடமாக நாங்களும் அதைக் கவனிக்கவில்லை.

இதில் பயமான விஷயம், பழைய பக்கத்தில் இன்னும் மாமிதான் முழுக் காணிக்கும் சொந்தக்காரி. அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு எங்கள் உறுதி இருப்பதே தெரியாது. பிழையான பக்கத்தில் பதிந்த உறுதி, சரியான பக்கத்தில் பின்னர் பதியப்படும் ஒன்றிடம் முந்துரிமையை இழக்கலாம் என்று சட்டத்தரணி சொன்னபோது மனைவியின் முகம் மாறிவிட்டது.

பழைய பக்கத்தைத் தேடுவதற்காக ஒரு நாள் லீவு போட்டுப் பதிவகத்துக்குப் போனேன். வீணாய்ப் போன பயணம். மாமியின் 1987ஆம் ஆண்டு உறுதி 1990 இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. இலக்கம் எதுவும் இல்லாமல் "மாமியின் காணி" என்று கேட்டால் யாராலும் தேட முடியாது. அந்த ஏடுகள் காணியை வைத்து ஓடுகின்றன, ஆளை வைத்தல்ல.

அன்றிரவு சீதன உறுதியை வரி வரியாய் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், மாமிக்கு இந்தக் காணி எந்த உறுதியால் உரித்தானது என்று எழுதியிருந்தது: உறுதி இலக்கம், திகதி, முடித்த நொத்தாரிசின் பெயர். வேண்டியது அவ்வளவுதான். நொத்தாரிசுமார் தாங்கள் முடிக்கும் உறுதிகளின் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்து அத்தாட்சிப் பிரதி எடுத்தோம். பதிவு முத்திரைக்குள், மை மங்கிய கையெழுத்தில், தொகுதியும் பக்கமும் இருந்தன. அதைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே மனைவிக்கு அழைத்தேன்.

பிறகு வேறொரு நொத்தாரிசிடம் திருத்த உறுதி எழுதினோம். மாமியும் மனைவியும் ஒப்பமிட்டார்கள், சாட்சி இருவர். முன் பதிவு இலக்கம் அதில் தெளிவாக எழுதப்பட்டது. மாமி உயிரோடு இருந்தது எங்கள் பாக்கியம். கொடுத்தவர் இல்லாதிருந்தால் வாரிசுகள் எல்லாரையும் தேடி ஓட வேண்டி வந்திருக்கும்.

இன்னொரு தடையும் இருந்தது. சீதன உறுதியில் மாமி தனக்குச் சீவிய உரித்தை வைத்திருந்தார். அதைக் கைவிடும்படி எழுதித் தரச் சொன்னது வங்கி. எனக்கு அதில் விருப்பமில்லை. அவர் இருக்கும் வரைக்கும் அந்த வீடு அவருடையது. அப்புறம், மாமியும் ஈட்டு உறுதியில் ஒரு தரப்பாகச் சேர்ந்து ஒப்பமிட்டால் போதுமென்று வங்கி ஒப்புக்கொண்டது. கடன் கட்டாமல் விட்டால் அவருடைய உரித்தும் சேர்ந்தே போகும் என்பதை மாமிக்கு வாசித்து விளங்கப்படுத்தின பிறகுதான் பேனையைக் கொடுத்தேன். உங்கள் வீட்டு உறுதியிலும் சீவிய உரித்து இருந்தால் உடனே கைவிட ஒப்பமிடாதீர்கள், இந்த வழியைக் கேளுங்கள்.

கடன் கேட்கப் போகுமுன் உறுதியின் முன் பதிவு இடத்தைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால், பதிவேட்டுப் பிரதியை நீங்களே முதலில் எடுங்கள். எங்களுக்கு ஏழு கிழமை பிந்தியது. அதற்குள் சீமெந்து விலையும் ஏறிவிட்டது.

கடைசியாக எடுத்த பிரதியில் பழைய பக்கத்தின் இலக்கம் புதுப் பக்கத்தின் தலையில் எழுதப்பட்டிருந்தது. மாமி கண்ணாடியைப் போட்டு, அந்த இலக்கத்தை 1987ஆம் ஆண்டுப் பிரதியோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "சரிதான் மகன்" என்றார்.