பேரிட்டி டெஸ்ட் பாஸ் ஆனாலும் விலை தப்பாக வரலாம்

பெங்களூரில் எங்கள் டீமுக்குக் கைமாறி வந்த ஆப்ஷன் லைப்ரரியில் டெஸ்ட் எல்லாமே பாஸ். ஆனால் நிஃப்டி வாராந்திர ஆப்ஷனுக்கு அது சொன்ன விலை சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எழுதிக் கொடுத்தவர்களைக் கேட்டால், "நீங்கள் கொடுக்கிற வோலட்டிலிட்டிதான் தப்பு" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

கடைசியில் டெஸ்ட் ஃபைலையே திறந்து படித்தேன். உள்ளே இருந்தவை இரண்டுதான். ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த எண்: பங்கு 100, ஸ்ட்ரைக் 100, ஒரு வருடம், வட்டி 5%, வோலட்டிலிட்டி 20%, கால் விலை 10.4506. இன்னொன்று புட்-கால் பேரிட்டி: கால் விலையில் புட் விலையைக் கழித்தால், பங்கு விலையில் ஸ்ட்ரைக்கின் இன்றைய மதிப்பைக் கழித்ததே வர வேண்டும்.

பிழை பிளாக்-ஷோல்ஸ் ஃபார்முலாவில், d1-இன் கீழ்ப்பகுதியிலும் d2-க்காக d1-இலிருந்து கழிக்கும் இடத்திலும் இருந்தது. `sigma * sqrt(T)` வர வேண்டிய இடத்தில் `sigma * T`. T=1 என்றால் இரண்டும் ஒன்றே, அதனால் முதல் டெஸ்டுக்கு எதுவும் தெரியாது. பேரிட்டிக்கும் தெரியாது. N(d1), N(−d1) இரண்டின் கூட்டல் எப்போதும் 1; d2-க்கும் அப்படியே. d1, d2 எவ்வளவு தப்பாக இருந்தாலும் கழிக்கும்போது அடிபட்டுப்போகும். ஏழு நாள் ஆப்ஷனிலோ வோலட்டிலிட்டி சுமார் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஹல் பாடநூலின் ஆறு மாத எடுத்துக்காட்டைப் போட்டதும் அகப்பட்டது:

```python
def test_six_months():
    c = call(S=42, K=40, T=0.5, r=0.10, sigma=0.20)
    assert abs(c - 4.7594) < 1e-4
```

லைப்ரரி தந்தது சுமார் 4.29. புட் 0.81-க்குப் பதில் 0.34. கழித்துப் பார்த்தால் பேரிட்டி மட்டும் கச்சிதம்! தெரிந்த விலையைச் சோதிக்கும்போது T=1 தவிர வேறொரு T கட்டாயம் வேண்டும்.

அடுத்தது வோலட்டிலிட்டி பூஜ்யம். அங்கே வகுத்தல் உடைவதால், பக்கத்து சீட்டு மதுரைத் தம்பி `max(S - K, 0)` என்று தனிக் கிளை எழுதினான். "ஸ்ட்ரைக்கை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டாமாப்பா?" என்றேன். பங்கு 100, ஸ்ட்ரைக் 102, வட்டி 5%, ஒரு வருடம் என்று வைத்துப் பார்த்தோம். அவன் கணக்கில் கால் 0. உண்மையில் 102-இன் இன்றைய மதிப்பு 97.0254, ஆகவே கால் 2.9746.

இங்கே பேரிட்டி உதவும், ஆனால் புட்டைத் தனியாகக் கணக்கிட்டால் மட்டும். இந்தக் கிளையில் மட்டும் எங்கள் லைப்ரரி காலிலிருந்து பேரிட்டி வழியாகவே புட்டை எடுத்தது. அதனால் டெஸ்ட் பாஸ், புட் விலையோ −2.9746. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு வரி சேர்த்த பிறகே அது சிவப்பானது.

இப்போது கிளை `max(S - K*exp(-r*T), 0)`. புட்டுக்குத் தனி ஃபார்முலா. T=0 ஆனாலும் அதே கிளை சரியான விலை தருவதால், எக்ஸ்பைரிக்கென்று வேறு எழுத வேண்டியிருக்கவில்லை.