நியூஜெர்சியில வியாழன், லூதியானாவுல வெள்ளி

எடிசன் வந்து குடியேறினப்போ எங்க அபார்ட்மென்ட்ல முக்கால்வாசி பஞ்சாபி, ஹரியானா குடும்பங்கதான், அக்டோபர்ல கர்வா சௌத் விரதம் வந்துட்டா ஓக் ட்ரீ ரோட்டுல மெஹந்திக்கு க்யூ நிக்கும். மாமியார் குடுக்கற சர்கிய விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டா அப்புறம் நிலா வர்ற வரைக்கும் பச்சத்தண்ணி கூட கிடையாது. அம்மாகிட்ட சொன்னேன், "அட, நம்ம சங்கடஹர சதுர்த்தி டி அது"ன்னாங்க. ஆமா, அதே தேய்பிறை சதுர்த்திதான், நாம பிள்ளையாருக்கு மாசாமாசம் நிலா பாத்துட்டு விரதம் முடிக்கிறோம், இவங்க வருஷத்துக்கு ஒருதடவ புருஷனுக்காக.

பௌர்ணமி அன்னிக்கு சூரியன் விழும்போதே நிலா வந்துரும், அப்புறம் தினம் சராசரியா 50 நிமிஷம் லேட்டாகும், அதனால சதுர்த்தி அன்னிக்கு இருட்டினப்புறமும் காத்துக்கிட்டே கெடக்கணும். விரதம் எந்த நாள்ங்கிறதும் நிலா உதிக்கும்போது சதுர்த்தி இருக்கான்னு பாத்துதான். 2025ல இங்கதான் சிக்கல்.

திதிங்கிறது சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல உள்ள கோணக் கணக்கு, உலகம் முழுக்க ஒரே நொடியில ஆரம்பிச்சு ஒரே நொடியில முடியும், நம்ம கடிகாரம்தான் வேற. அந்த வருஷம் சதுர்த்தி ஆரம்பிச்சது இந்திய நேரம் அக்டோபர் 9 ராத்திரி 10:54க்கு, முடிஞ்சது மறுநாள் சாயங்காலம் 7:38க்கு. டெல்லியில 9ஆம் தேதி நிலா வந்தப்போ சதுர்த்தி ஆரம்பிக்கவே இல்ல, 10ஆம் தேதி எட்டு மணிக்கு மேல வந்தப்போ முடிஞ்சே போச்சு, ரெண்டு நாளும் சிக்கலனா பின்னாடி நாள எடுத்துக்கணும், அதனால அங்க வெள்ளிக்கிழமை. எங்களுக்கோ அதே சதுர்த்தி வியாழன் மத்தியானம் 1:24க்கு ஆரம்பிச்சு வெள்ளி காலைல 10:08க்கு முடிஞ்சுது, வியாழன் சாயங்காலம் நிலா உதிக்கும்போது சதுர்த்தி கச்சிதமா இருக்கு.

எதிர்வீட்டு தீதிக்கு லூதியானாவுலேர்ந்து மாமியார் போன்மேல போன், "நாளைக்குத்தானே, இன்னிக்கே ஏன் பட்டினி கெடக்குற?"ன்னு. தீதி லோக்கல் கோயில் பஞ்சாங்கத்த போட்டோ எடுத்து அனுப்பிச்சு சமாளிச்சா. அம்மாவோட டெய்லி காலண்டர்லயும் சங்கடஹர சதுர்த்தி வெள்ளிக்கிழமைன்னுதான் இருந்துச்சு, அத அப்படியே பாத்து இங்க விரதம் இருந்தா நிலா வர்றப்ப பஞ்சமியாயிருக்கும்.

இன்னொண்ணு, ஆப்ல காட்டற உதய நேரம் கடல் மாதிரி திறந்த அடிவானத்துக்கு. எங்க பார்க்கிங் லாட் எதிர்ல மரமும் மூணு மாடி பில்டிங்கும் இருக்கறதால நிலா கண்ணுல பட இன்னும் அரைமணிக்கு மேல ஆகும். அதுவும் அந்தத் தடவ நேர் கிழக்குல வரல, நல்லா வடகிழக்குல தள்ளி வந்துச்சு, தட்டு, கர்வாங்கிற தண்ணிக்குடம், நிலாவ பாக்கற சல்லடையோட கிழக்கே பாத்து நின்னவங்க எல்லாரும் லாட்டோட மறுமூலைக்கு நடந்தோம். மேகமா இருந்தா சிலர் ஊருக்கு வீடியோ கால் போட்டு அங்க விடியக்காலைல மேக்கால நிக்கிற நிலாவ பாத்துட்டு தண்ணி குடிக்கிறாங்க, தீதி அதுக்கு ஒத்துக்கவே மாட்டா, உதய நேரம் தாண்டினதும் அந்தத் திசையப் பாத்து அர்க்யம் விட்டா போதும்னு சொல்லுவா.